போர்டில் யார் பெயர்? இரண்டு வக்கீல்கள் சேர்ந்து ஆபீஸ் போடும் முன் யோசிக்க வேண்டியது

கடலூரில் மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்கு நடந்து போகிற தூரத்தில் நானும் என் தோழியும் சேர்ந்து ஒரு சின்ன வக்கீல் ஆபீஸ் நடத்தினோம். அவள் பெயர், "அண்ட்", என் பெயர், கடைசியில் "அசோசியேட்ஸ்". இதுதான் போர்டு. பிறகு அவள் சிவில் நீதிபதி தேர்வில் தேறிப் போனாள். எனக்கு அவ்வளவு பெருமை. ஆனால் அடுத்து வந்த மாதங்கள் என்னை உலுக்கிவிட்டன. அந்தப் போர்டில் இருந்த பெயர் வெறும் பெயர் இல்லை, அதன் பின்னால் பேங்க் கணக்கு, பேன் எண், வக்காலத்துகள், வரவேண்டிய ஃபீஸ், கட்சிக்காரர்களின் நம்பிக்கை எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. யாரைக் கேட்பது என்றுகூடத் தெரியாமல் தனியாக அலைந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். இரண்டு பேர் சேர்ந்து ஆபீஸ் தொடங்கப் போகிற ஜூனியர்கள் இதைப் படித்துவிட்டு போர்டுக்கு ஆர்டர் கொடுங்கள்.

முதலில் நாங்கள் ஏன் எங்கள் பெயர்களை வைத்தோம் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் யாரும் ஆபீஸைத் தேடி வருவதில்லை, ஆளைத் தேடித்தான் வருகிறார்கள். நெல்லிக்குப்பத்திலிருந்தோ புவனகிரியிலிருந்தோ ஒருவர் பஸ் ஏறி வந்தால், "இந்த வக்கீலம்மாவைப் பாருங்க" என்று யாரோ சொல்லி அனுப்பியிருப்பார்கள். அந்தப் பெயர் போர்டில் இருந்தால் அவர் நேராக உள்ளே வருவார். இல்லையென்றால் எதிர் டீக்கடையில் விசாரிப்பார், அங்கே வேறு யாராவது அவரைக் கூட்டிக்கொண்டு போய்விடுவதும் உண்டு. பெயர் வைத்த போர்டு சொல்கிற சேதி இதுதான்: இந்த ஆள்தான் உன் வழக்கைப் பார்க்கப் போகிறார், தப்பு நடந்தால் இவரைத்தான் நீ கேட்கலாம். கட்சிக்காரருக்கு அது பெரிய தைரியம். வக்கீலுக்கும் அது நல்ல கட்டுப்பாடு.

ஆனால் அந்தச் சேதியோடு கூடவே நாம் சொல்ல நினைக்காத இன்னும் இரண்டு சேதிகளும் போய்ச் சேர்கின்றன. ஒன்று, யார் பெயர் முதலில் இருக்கிறதோ அவர்தான் சீனியர் என்று எல்லோரும் முடிவு செய்துவிடுவார்கள். அவள் எனக்கு முன்பே வக்கீலாகப் பதிவு செய்தவள் என்பதால் அவள் பெயர் முதலில் வந்தது. எங்களுக்குள் அதில் ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் வந்தவர்களில் பெரும்பாலோர், நான் கேஸ் கட்டைப் படித்துத் தயாராக இருந்தாலும், "பெரிய மேடம் வரட்டும்" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். இரண்டாவது, நம் பக்கத்துப் பெயர்களில் உள்ள சிக்கல். வடக்கே குடும்பப் பெயர் இருக்கிறது, அதை வைத்தால் தனியாகத் தெரியும். நமக்கு இனிஷியலும் சொந்தப் பெயரும்தான். இனிஷியலை எடுத்துவிட்டு வெறும் பெயரை வைத்தால் அதே பெயரில் பாரில் நாலைந்து பேர் இருப்பார்கள். என் பெயர் அப்படிப்பட்டதுதான். எனக்கு வரவேண்டிய ஒரு பதில் நோட்டீஸ், பெயர் ஒன்றாக இருந்ததால், வேறொருவர் ஆபீஸுக்குப் போய் அங்கேயே பல நாள் கிடந்தது. பெயர்தான் வைப்பேன் என்றால் இனிஷியலோடு முழுப் பெயரை வையுங்கள். போர்டு கொஞ்சம் நீளமானால் பரவாயில்லை.

இனி அவள் போனபோது நடந்ததுக்கு வருகிறேன். எங்களுடையது இரண்டு பேர் கூட்டாண்மை, பதிவும் செய்திருந்தோம். இரண்டு பேரில் ஒருவர் விலகினால் அது "ஒரு பங்குதாரர் ஓய்வு" என்று நின்றுவிடாது. கூட்டாண்மை என்றால் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மட்டும் மிஞ்சினால் அந்த நிறுவனமே கலைந்துபோகிறது. மூன்று பேராக இருந்தால் கதை வேறு, ஒருவர் விலகினாலும் மீதி இருவர் அதே நிறுவனத்தைத் தொடரலாம். நான் சட்டம் படித்தவள்தான், 1932ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டத்தைப் பரீட்சைக்குப் படித்தவள்தான். ஆனாலும் அது நம் சொந்த மேஜைக்கு வரும்போது எப்படி இருக்கும் என்பதை எந்த வகுப்பும் சொல்லித் தருவதில்லை. எங்கள் பத்திரத்தில் பெயரைப் பற்றி இருந்தது ஒரே வரி, நிறுவனம் இன்ன பெயரில் நடத்தப்படும் என்று. நான் பார்த்த மாதிரிப் பத்திரங்களில் பெரும்பாலும் அந்த ஒரு வரிதான் இருக்கும். பெயருக்குச் சொந்தக்காரர் விலகினால் பெயர் என்னாகும் என்பது அவற்றில் இருக்காது.

போர்டை உடனே இறக்கியாக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பதவியில் இருக்கும் நீதிபதியின் பெயர் ஒரு வக்கீல் ஆபீஸ் வாசலில் தொங்கக் கூடாது, அது அவளுக்கும் ஆபத்து, எனக்கும் ஆபத்து. பார் கவுன்சில் விதி 36 இதில் தெளிவாக இருக்கிறது. பெயர்ப்பலகையும் லெட்டர்பேடும் நியாயமான அளவில் இருக்க வேண்டும். ஒரு நபரோடோ அமைப்போடோ குறிப்பிட்ட இயக்கத்தோடோ தொடர்புள்ளவர் என்றோ, இன்ன வகை வழக்கில் தேர்ந்தவர் என்றோ, நீதிபதியாக இருந்தவர் என்றோ அவை காட்டக் கூடாது. போர்டை இறக்கிய அன்றைக்கு, கடப்பாறையால் நெம்பியபோது அவள் பெயரின் எழுத்துகள் மட்டும் தனித்தனியாகக் கழன்று வந்தன. அவற்றைத் தூக்கிப் போட மனம் வராமல் ஒரு பழைய வேட்டியில் சுற்றி அலமாரியின் அடியில் வைத்தேன். அந்தப் போர்டுக்கு 14,000 ரூபாய் கொடுத்திருந்தோம். லெட்டர்பேட், கவர், கேஸ் கட்டு அட்டை, ரப்பர் ஸ்டாம்ப் என்று அச்சடித்து மீந்துபோனவை இன்னும் ஒரு 9,000 ரூபாய் இருக்கும். அது போனது போகட்டும். உண்மையான அடி பேங்கில் விழுந்தது.

ஒரு தனியார் நிறுவனத்துக்கு வசூல் வழக்குகள் பார்த்துக் கொடுத்திருந்தோம். பில் 60,000 ரூபாய். அவர்கள் பத்து சதவீதம் டிடிஎஸ், அதாவது 6,000 ரூபாய் பிடித்துக்கொண்டு 54,000 ரூபாய்க்குக் காசோலை அனுப்பினார்கள், எங்கள் இருவர் பெயரும் சேர்ந்த நிறுவனத்தின் பெயரில். காசோலை வந்தபோது அவள் சென்னையில் நீதித்துறை அகாடமியில் பயிற்சியில் இருந்தாள். நான் போட்டேன், பணம் நிறுவனக் கணக்கில் ஏறியது. எடுக்க முடியவில்லை. கணக்கு இருவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டிய கணக்கு. நிறுவனம் கலைந்த பிறகும் பாக்கி வேலைகளை முடிக்கப் பங்குதாரருக்கு அதிகாரம் உண்டு, கூட்டாண்மைச் சட்டத்தின் 47ஆம் பிரிவே சொல்கிறது என்று மேனேஜரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கு வேண்டியது பிரிவு அல்ல, காகிதம். கலைப்புப் பத்திரம், இரண்டு கையெழுத்து, கணக்கை முடிக்கும் கூட்டு விண்ணப்பம். அவளுக்குப் பயிற்சியில் லீவு கிடையாது. நான் பத்திரத்தை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போய் ஞாயிற்றுக்கிழமையில் கையெழுத்து வாங்கி வந்தேன். அந்த மாதம் குமாஸ்தாவுக்குச் சம்பளம் கொடுக்க நகையை வைக்க வேண்டி வந்தது. கணக்கில் பணம் இருக்கிறது, கையில் இல்லை. அந்த நாட்களில் ராத்திரி தூக்கம் வராமல் உட்கார்ந்திருந்தது இன்னும் நினைவிருக்கிறது.

6,000 ரூபாய் டிடிஎஸ் இன்னொரு கதை. அது நிறுவனத்தின் பேன் எண்ணில் வரவாகியிருந்தது. என் தனிப்பட்ட பேன் வேறு. நிறுவனப் பேனில் நாலாவது எழுத்து எஃப், தனிநபருக்கு பி, அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். நிறுவனத்தின் பேரில் பிடித்த வரியை என் கணக்கில் நான் கேட்க முடியாது. நிறுவனம் இருந்த நாள்வரைக்கும் நிறுவனத்தின் பேரிலேயே ரிட்டர்ன் போட்டு, செலவும் பங்குதாரர் ஊதியமும் கழித்து வரும் லாபத்துக்கான வரி போக, பிடித்ததில் மிஞ்சியதைத் திரும்பக் கேட்க வேண்டும். அந்தப் பணம் எங்கே வரும்? அதே பேன் எண்ணோடு சரிபார்க்கப்பட்ட நிறுவனத்தின் பேங்க் கணக்குக்குத்தான் வரும். கணக்கை மூடியே ஆக வேண்டும் என்று நான் துடித்துக்கொண்டிருந்தபோது எங்கள் ஆடிட்டர்தான், "அவசரப்படாதீங்க மேடம், ரீஃபண்ட் வர்ற வரைக்கும் அந்தக் கணக்கு உயிரோட இருக்கட்டும்" என்று தடுத்தார். அவர் சொல்லாமல் இருந்தால் அந்தப் பணத்துக்கு இன்னொரு அலைச்சல் ஆகியிருக்கும். அதற்குப் பிறகு எல்லாப் பெரிய கட்சிக்காரர்களுக்கும் கடிதம் போட்டேன்: இன்ன தேதி வரை செய்த வேலைக்கான பில் நிறுவனத்தின் பேனில், அதற்குப் பிறகு செய்வது என் பேனில். தேதியைக் கறாராகப் பிரித்து எழுதியது பிறகு ரொம்ப உதவியது.

வக்காலத்து விஷயத்தில் மட்டும் ஓரளவு தப்பித்தோம். கோர்ட்டைப் பொறுத்தவரை நிறுவனத்தின் பெயருக்கு ஒரு மதிப்பும் இல்லை. கட்சிக்காரர் வக்காலத்துக் கொடுப்பது வக்கீல்களுக்கு, ஆபீஸுக்கு அல்ல. எங்கள் அச்சடித்த வக்காலத்தில் இருவர் பெயரும் பதிவு எண்ணும் இருந்தன, இருவரும் கையெழுத்திட்டு ஏற்றிருந்தோம். அந்த வழக்குகளில் நான் அப்படியே தொடர்ந்தேன். ஆனால் ஆரம்பத்தில் அவள் தனியாக எடுத்து வந்த கட்டுகளில் அவள் பெயர் மட்டும்தான். அவை ஒவ்வொன்றுக்கும் கட்சிக்காரரைத் தேடிப் பிடித்துப் புது வக்காலத்து வாங்க வேண்டியிருந்தது. பண்ருட்டிப் பக்கம் ஒரு பெரியவர், பலாத் தோப்புப் பாகப்பிரிவினை வழக்கு அவருடையது. "போர்டுல ரெண்டு பேரு பேரும் இருந்துச்சேம்மா, அப்ப உனக்கும் சேத்துத்தானே குடுத்தேன்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. போர்டு அவரிடம் அப்படித்தான் சொல்லியிருந்தது. அதனால் சொல்கிறேன், சேர்ந்து ஆபீஸ் போட்டால் பழைய கட்டுகள் உட்பட எல்லாவற்றிலும் முதல் மாதத்திலேயே இருவர் பெயரிலும் வக்காலத்து ஏற்றிவிடுங்கள்.

இன்னொன்று பொது அறிவிப்பு. இதை நம்மில் பலர் செய்வதே இல்லை. நிறுவனம் கலைந்தாலும் பொது அறிவிப்பு கொடுக்கும் வரை, வெளியாட்களைப் பொறுத்தவரை பழைய பங்குதாரர்களின் பொறுப்பு தொடர்கிறது என்று 45ஆம் பிரிவு சொல்கிறது. நான் ஏதாவது செய்து வைத்தால் நீதிபதியாக உட்கார்ந்திருக்கும் அவள் தலையில் விழலாம் என்பதுதான் இதன் பொருள். பதிவு பெற்ற நிறுவனம் என்றால் பதிவாளருக்கு அறிவிப்பு, அரசிதழில் வெளியீடு, நம் மாவட்டத்தில் ஓடுகிற தமிழ் நாளிதழ் ஒன்றிலாவது வெளியீடு, மூன்றும் வேண்டும். நாளிதழில் விளம்பரம் கொடுத்தால் பார் கவுன்சில் விதியில் மாட்டிக்கொள்வோமோ என்று எனக்கு உதறல் இருந்தது. சட்டம் கேட்கிற அறிவிப்பு அது. நிறுவனப் பெயர், கலைந்த தேதி, பங்குதாரர்கள் பெயர் மட்டும் போட்டேன். புது ஆபீஸின் விலாசமோ போன் நம்பரோ, "தொடர்ந்து சேவையாற்றுவோம்" போன்ற வரியோ சேர்க்கவில்லை. நீங்களும் சேர்க்காதீர்கள்.

இதெல்லாம் முடிந்தபோது அடுத்த கேள்வி வந்தது. என் பெயரை மட்டும் வைப்பதா, அல்லது ஆளைச் சாராத ஒரு பெயர் வைப்பதா? புதுச்சேரியில் எனக்குத் தெரிந்த ஒரு மூத்த வக்கீலிடம் யோசனை கேட்கப் போனேன். அவர் ஆபீஸில் இன்றைக்கும் அவருடைய அப்பா பெயர்தான் முதலில் இருக்கிறது, அப்பா போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகின்றன. "ஏம்மா, இந்தப் பேரை எடுத்துட்டா நான் யாருன்னே பாதிப் பேருக்குத் தெரியாது" என்றார். இறந்தவர் பெயர் நிறுவனப் பெயரில் தொடர்ந்தால் அதனால் மட்டும் அவர் சொத்துக்கு எந்தப் பொறுப்பும் வராது என்று 28ஆம் பிரிவில் இருப்பதையும் காட்டினார். கூடவே ஒன்று சொன்னார். அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் இன்னமும் வருகிறார்களாம், முதல் பத்து நிமிடம் அவர்களைத் தேற்றுவதிலேயே போய்விடுமாம். பெரிய இடங்களிலும் இதே கதைதான் என்று சொல்லி, அமர்சந்த் மங்கல்தாஸ் சட்ட நிறுவனம் 2015இல் அண்ணன் தம்பிக்குள் பிரிந்தபோது இருவருமே அந்த மூத்த பெயரை விடாமல், ஒருவர் சிரில் என்றும் இன்னொருவர் ஷார்துல் என்றும் முன்னால் தங்கள் பெயரைச் சேர்த்துக்கொண்டதைச் சொன்னார். ஒரு பெயருக்குள் எவ்வளவு சம்பாத்தியம் இருந்தால் அதை இருவரும் விட மாட்டார்கள்! அதே நாட்டில் டிரைலீகல் என்று யார் பெயரும் இல்லாமல் வளர்ந்த நிறுவனமும் இருக்கிறது. ஏஇசட்பி போல மூன்று பங்குதாரர்களின் முதலெழுத்தை வைத்து, பாதி ஆள் பாதி அடையாளம் என்று இருப்பதும் உண்டு.

நான் ஆளைச் சாராத பெயர் என்று முடிவு செய்தேன். இனி ஒருவர் சேர்வதற்கோ போவதற்கோ பேங்க், பில், லெட்டர்பேட் என்று எல்லாவற்றையும் மறுபடி மாற்ற எனக்குத் தெம்பு இல்லை. ஆனால் கருத்தைப் பெயராக வைப்பது வெளியிலிருந்து பார்ப்பதைவிடக் கடினம். முதலில் மனதில் வந்தவை எல்லாம் நில உரிமை, தொழிலாளர், பெண்கள் பாதுகாப்பு என்று நான் பார்க்கும் வழக்குகளை ஒட்டிய பெயர்கள். அவை எதுவும் ஆகாது. பெயர்ப்பலகை இன்ன வேலையில் தேர்ந்தவர் என்று காட்டக் கூடாது, இன்ன இயக்கத்தோடு தொடர்பு என்று காட்டக் கூடாது என்று விதி சொல்லும்போது, அதையே ஆபீஸின் பெயராக வைத்தால் புகார் கொடுக்க எதிர்த்தரப்புக்கு நாமே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும். அடுத்து "நீதி" வருகிற பெயர்கள். மக்கள் நீதி என்று வைத்தால் லோக் அதாலத்துக்குத் தமிழில் மக்கள் நீதிமன்றம் என்றுதானே பெயர், ஜனங்கள் அதுதான் இது என்று நினைப்பார்கள், அரசியல் வாடையும் வரும். மனுநீதி என்றால் கலெக்டர் நடத்தும் மனுநீதி நாள் நினைவுக்கு வரும், மனு எழுதித் தருகிற இடம் என்று வருவார்கள். சட்ட உதவி மையம் என்றால் கோர்ட் வளாகத்திலேயே இருக்கிற இலவச சட்டப் பணிகள் ஆணைக்குழுவோடு குழப்பம், ஃபீஸ் கேட்டால் அதிர்ச்சியாவார்கள். வெற்றி, ஜெயம் என்கிற பெயர்கள் தீர்ப்பை முன்கூட்டியே உறுதி கொடுப்பது போல இருக்கும், அதை நான் மனதாலும் செய்ய மாட்டேன். கூட்டாண்மை நிறுவனமாகப் பதிவு செய்யும்போது ராயல், எம்பயர் போன்ற சொற்களோ, அரசின் ஆதரவு இருப்பதாகத் தொனிக்கிற சொற்களோ மாநில அரசின் சம்மதம் இல்லாமல் கூடாது என்று 58ஆம் பிரிவிலேயே தடை இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடைசியில் எங்கள் பக்கத்து ஆறு ஒன்றின் பெயரை எடுத்து, அதோடு "சட்ட அலுவலகம்" என்று மட்டும் சேர்த்தேன். ஆற்றின் பெயர் எந்த வாக்குறுதியும் கொடுப்பதில்லை, எந்த வழக்கையும் குறிப்பதில்லை, எந்தச் சாதியையும் கட்சியையும் காட்டுவதில்லை, ஊர்க்காரருக்கு வாயில் நுழைகிற பெயர். வைப்பதற்கு முன் சட்டச் சேவைகள் வருகிற 45ஆம் வகுப்பில் வர்த்தக முத்திரைத் தேடலும் பார்த்துக்கொண்டேன். அந்தத் தேடலுக்குக் கட்டணம் கிடையாது.

சரி, அந்தப் பெயர் என்ன சேதி சொன்னது? இரண்டு விதமாகச் சொன்னது. கம்பெனிக்காரர்கள் அதை மதித்தார்கள். ஒரு ஆள் லீவில் போனாலும் வேலை நிற்காத இடம் என்று எடுத்துக்கொண்டார்கள். புதிதாகச் சேர வந்த ஜூனியர் பெண், "இங்க இருந்தா நாளைக்கு நானும் பார்ட்னர் ஆகலாம் இல்ல அக்கா?" என்று கேட்டாள். என் பெயர் மட்டும் போர்டில் இருந்திருந்தால் அந்தக் கேள்வியே அவளுக்கு வந்திருக்காது. ஆனால் கிராமத்திலிருந்து வருகிறவர்கள் வாசலிலேயே நின்றார்கள். "இது ஏஜென்சியாம்மா? வக்கீல் யாரு?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வக்கீல் அல்லாதவர்கள் நடத்துகிற சட்ட ஏஜென்சிக்கு வக்கீல் தன் பெயரையோ உழைப்பையோ கொடுக்கக் கூடாது என்று விதி 37 சொல்கிறது. அப்படி ஒரு இடம் என்று தோன்றும்படி நம் பலகை இருக்கக் கூடாது. அதனால் ஆற்றின் பெயருக்குக் கீழே, அதே அளவுக்குத் தெரிகிற மாதிரி, என் முழுப் பெயர், பட்டம், வழக்கறிஞர் என்ற சொல் மூன்றையும் எழுத வைத்தேன். நோட்டீஸ்களிலும் அலுவலகப் பெயர் மேலே இருந்தாலும் கையெழுத்தின் கீழ் என் பெயரும் பதிவு எண்ணும்தான். இதைச் செய்த பிறகு வாசலில் நிற்பது குறைந்தது.

இன்னொரு சங்கடம் எதிர்பாராதது. ஆளின் பெயர் இல்லாத அலுவலகத்தை இணையத்தில் கடைகளைப் பட்டியலிடும் தளங்கள் தாங்களாகவே ஏதோ ஒரு வியாபாரம் போலச் சேர்த்துவிடுகின்றன. நான் கேட்காமலே என் அலுவலகம் நட்சத்திர மதிப்பெண்ணோடு ஒரு தளத்தில் வந்திருந்தது. 2024 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம், இப்படிப்பட்ட தளங்கள் வழியாக வக்கீல்கள் விளம்பரம் தேடிக்கொள்வதற்கு எதிராகக் கடுமையான தீர்ப்பு கொடுத்து, நடவடிக்கை எடுக்கும்படி பார் கவுன்சிலுக்கும் சொல்லியிருக்கிறது. நான் உடனே அந்தத் தளத்துக்கு எழுத்தில் ஆட்சேபம் அனுப்பி, நீக்கச் செய்து, அந்தக் கடிதத்தின் நகலைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆளைச் சாராத பெயர் வைத்தால் அவ்வப்போது உங்கள் அலுவலகப் பெயரை நீங்களே தேடிப் பாருங்கள்.

இப்போது அந்த ஜூனியரையும் இன்னொருவரையும் சேர்த்து மூன்று பேர் கூட்டாண்மை போடுகிறோம். பத்திரத்தில் பெயருக்கென்றே தனியாக ஒரு பத்தி எழுதியிருக்கிறேன். அலுவலகப் பெயர் நிறுவனத்தின் சொத்து, விலகுகிறவர் அதை எடுத்துச் செல்ல முடியாது. பெயருக்குக் கீழே இருக்கும் அவரவர் சொந்தப் பெயர், விலகிய நாளிலிருந்து 15 நாளுக்குள் பலகை, லெட்டர்பேட், இணையப் பக்கம் எல்லாவற்றிலிருந்தும் எடுக்கப்படும், அந்தச் செலவு நிறுவனத்தைச் சேரும். பொது அறிவிப்புக்கான காகிதங்களில் விலகுகிறவர் விலகும் அன்றே கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். பேங்க் கணக்கை மூவரில் எந்த இருவரும் இயக்கலாம். அரசு வேலைக்கோ நீதித்துறைக்கோ போகிறவருக்கு வரவேண்டிய பங்கை எந்தத் தேதிவரை கணக்கிடுவது என்பதும் இருக்கிறது. இருவர் பெயரை வைத்தே தொடங்குவேன் என்கிறவர்களும் இந்தப் பத்தியை எழுதிக்கொண்டு தாராளமாகத் தொடங்கலாம். தனிப்பட்ட நம்பிக்கையை வைத்து நடக்கிற குடும்ப வழக்கு, கிரிமினல் வழக்கு அதிகம் பார்க்கிறவர்களுக்கு ஆளின் பெயர்தான் சரி என்று இன்றைக்கும் நினைக்கிறேன். நிறுவனங்களுக்கு வேலை செய்கிறவர்கள், ஜூனியர்களைப் பங்குதாரராக வளர்க்க நினைக்கிறவர்கள் மற்றதற்குப் போகலாம்.

ஒன்று மட்டும் கட்சிக்காரரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கைத் தேடும்போது அலுவலகப் பெயரைப் போட்டால் ஒன்றும் வராது. அங்கே இருப்பது வக்கீலின் பெயரும் பார் பதிவு எண்ணும்தான். நான் இப்போது ஒவ்வொரு கட்டின் அட்டையிலும் அந்த வழக்குக்கே உரிய தனி அடையாள எண்ணான சி.என்.ஆர். எண்ணைப் பெரிதாக எழுதி, அதையே ஒரு சீட்டில் எழுதிக் கட்சிக்காரர் கையிலும் கொடுத்து அனுப்புகிறேன். போர்டில் என்ன பெயர் இருந்தாலும் அவர் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதை அவரே பார்த்துக்கொள்ளலாம்.